ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு முன் அனுமதிக் கடிதம்: டாக்டரின் குறிப்பிலிருந்து எழுதுவது எப்படி?

நம் வணிகர்களில் பலர் இன்று குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீட்டு பாலிசி எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் பிரிமியம் தவறாமல் கட்டுகிறார்கள். கார்டைப் பர்சில் வைத்துக்கொண்டால் போதும், மருத்துவமனையில் நீட்டினால் எல்லாம் நடந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். கார்டை நீட்டிய பிறகு நடப்பது என்ன, காப்பீட்டுக் கம்பெனிக்கு மருத்துவமனையிலிருந்து போகிற காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் காகிதத்துக்குத்தான் முன் அனுமதி விண்ணப்பம் என்று பெயர். கம்பெனி நோயாளியைப் பார்ப்பதில்லை, அந்தக் காகிதத்தை மட்டுமே பார்க்கிறது. சரக்கைப் பார்க்காமல் பில்லை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கிற வியாபாரியின் நிலைதான் அதற்கும்.

இந்த விண்ணப்பத்தின் படிவம் நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரியானது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2013-ம் ஆண்டில் இதை ஒரு சீராக்கியது. படிவத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று நோயாளியோ அவர் குடும்பத்தாரோ நிரப்ப வேண்டியது: பெயர், வயது, கார்டு எண், பாலிசி எண், வேறு கம்பெனியில் பாலிசி உண்டா, குடும்ப டாக்டர் யார் என்பன. இதில் கஷ்டம் ஒன்றுமில்லை. மற்றது சிகிச்சை அளிக்கும் டாக்டர் நிரப்ப வேண்டியது. எல்லா வில்லங்கமும் இந்த இரண்டாம் பகுதியில்தான் பிறக்கிறது. டாக்டர் நிரப்ப வேண்டியது என்று சட்டம் சொன்னாலும், பெரும்பாலான மருத்துவமனைகளில் காப்பீட்டு மேஜையில் இருக்கும் ஊழியரோ, பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டரோதான், கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். பெரிய டாக்டர் கையெழுத்தும் பதிவு எண்ணும் போடுகிறார். அவருக்கு அடுத்த நோயாளி காத்திருப்பார். இதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

நம் சங்க உறுப்பினர்களின் குடும்பங்களுக்காக இந்த மேஜைகளின் முன் நான் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்த ஒரு கேஸை இங்கே விரித்துச் சொல்கிறேன். நோய் சாதாரணமானதுதான், பித்தப்பைக் கல். நம்மில் கல்லாவில் உட்கார்ந்தே காலம் கழிப்பவர்களுக்குப் புதிதான நோயல்ல.

மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், வயது 52. அவருடைய பாலிசி 2022 ஜூனில் தொடங்கியது, ஐந்து லட்சத்துக்கு. இடையில் ஒரு நாள்கூட விட்டுப் போகாமல் புதுப்பித்து வந்திருக்கிறார். 2025 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை முதல் வலது மேல் வயிற்றில் வலி. கடையை விட்டு வர மனமில்லாமல் திங்கட்கிழமை இரவு வரை தள்ளிப்போட்டார். காய்ச்சலும் வாந்தியும் வந்த பிறகுதான் அவருடைய மகன் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சீட்டில் எழுதியது ஒரே வரி: "வயிற்று வலி, பரிசோதனைக்காக அட்மிட் செய்க." அந்த நேரத்தில் அவர் அப்படித்தான் எழுத முடியும். ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை, ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை. ஆனால் காப்பீட்டு மேஜையில் அந்த ஒரு வரியை அப்படியே படிவத்தில் ஏற்றி இரவு ஒன்பது மணிக்கு அனுப்பிவிட்டார்கள். நோய்: வயிற்று வலி. சிகிச்சை: பரிசோதனை. தங்கும் நாட்கள்: இரண்டு அல்லது மூன்று.

பத்து மணிக்கெல்லாம் கேள்வி திரும்பி வந்துவிட்டது. உறுதியான நோய் என்ன, என்ன சிகிச்சை திட்டமிடப்பட்டுள்ளது, வெளிநோயாளியாகப் பார்க்க முடியாத காரணம் என்ன, சர்க்கரை நோய் எத்தனை ஆண்டுகளாக, அதற்கான பழைய காகிதங்கள் எங்கே. அண்ணாச்சியின் மகன் பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். "பெரியப்பா, இன்ஷூரன்ஸ் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்" என்றார். கொடுக்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. கேள்வி கேட்டிருந்தார்கள். இந்த இரண்டும் வேறு வேறு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வியில் அநியாயம் ஒன்றுமில்லை. எல்லா மருத்துவ பாலிசிகளிலும் பொதுவான சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, பரிசோதனைக்காகவும் நோயைக் கண்டறிவதற்காகவும் மட்டுமே மருத்துவமனையில் சேர்வது. அதற்குப் பணம் கிடையாது. ஆகவே "பரிசோதனைக்காக அட்மிட்" என்று எழுதி அனுப்பினால், கம்பெனி டாக்டர் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்த விலக்குதான். வயிற்று வலி என்பது நோயின் பெயரும் அல்ல. அது நோயாளி சொல்லும் குறை. நோயின் பெயர் என்பது அந்தக் குறைக்கு என்ன காரணம் என்று டாக்டர் முடிவு செய்தது. முடிவு இன்னும் தற்காலிகமானது என்றாலும் பாதகமில்லை. படிவத்திலேயே "தற்காலிக நோய் நிர்ணயம்" என்றுதான் இருக்கிறது. அப்படி ஒரு பெயரையாவது டாக்டரிடமிருந்து வாங்கிப் போட வேண்டும்.

இரவு பதினொரு மணிக்கு ஸ்கேன் வந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கேஸ் ஷீட்டில் தம் குறிப்பை எழுதினார். டாக்டர்களின் சுருக்கெழுத்து அது. தமிழில் சொன்னால் இப்படி இருந்தது:

"வலது மேல் வயிற்று வலி 3/12, இப்போது 2/7 அதிகம். வாந்தி இருமுறை. காய்ச்சல் 101. சர்க்கரை 10/12, மாத்திரையில். ரத்த அழுத்தம் இல்லை. தொட்டால் வலி, மர்ஃபி பாசிட்டிவ். வெள்ளணு 14,800. பிலிருபின் 0.8. சர்க்கரை 268. ஸ்கேன்: பித்தப்பை விரிந்துள்ளது, பல கற்கள், பெரியது 14 மி.மீ., சுவர் 5 மி.மீ., சுற்றிலும் நீர். பித்த நாளம் 5 மி.மீ. திட்டம்: ஐ.வி. ஆன்டிபயாடிக், சர்க்கரைக் கட்டுப்பாடு, லேப் கோலி, தேவைப்பட்டால் ஓப்பன்."

இதைப் பார்த்தால் நமக்கு ஒன்றும் புரியாது. ஆனால் விண்ணப்பத்துக்கு வேண்டிய எல்லாமே இந்த ஏழெட்டு வரிகளுக்குள் இருக்கிறது. பிரித்து எடுத்து உரிய கட்டத்தில் போடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பின்னங்களைக் கவனியுங்கள். 3/12 என்றால் மூன்று மாதம். 2/7 என்றால் இரண்டு நாள். 2/52 என்று எழுதியிருந்தால் இரண்டு வாரம். மேலே எண்ணிக்கை, கீழே ஓர் ஆண்டில் 12 மாதம், ஒரு வாரத்தில் 7 நாள், ஓர் ஆண்டில் 52 வாரம் என்ற கணக்கு. பழைய பாணியில் படித்த டாக்டர்கள் இன்றும் இப்படி எழுதுவார்கள்.

காப்பீட்டு மேஜையில் இருந்த பெண் கெட்டிக்காரப் பெண்தான். ஆனால் வேலைக்குப் புதிது. அவர் "சர்க்கரை 10/12" என்பதைப் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் என்று வாசித்து, கம்ப்யூட்டரில் அப்படியே அடித்திருந்தார். திரையில் அதைப் பார்த்ததும், "அம்மா, இதை அனுப்பாதீர்கள். அண்ணாச்சிக்குச் சர்க்கரை வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை" என்றேன். அந்தப் பெண் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடமே போய்க் கேட்டு வந்தார். பத்து மாதம் என்று டாக்டர் எழுத்திலேயே விரித்து எழுதிக் கையெழுத்திட்டார்.

இந்த ஒரு பின்னத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். பாலிசி தொடங்கியது 2022 ஜூன். சர்க்கரை 2024 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்டது என்றால், பாலிசி எடுத்தபோது அது இல்லை, அதை அப்போது சொல்லவும் வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் என்று போயிருந்தால், பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை அண்ணாச்சி மறைத்துவிட்டார் என்று ஆகும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால், மோசடி தவிர வேறு காரணத்தைக் காட்டி மறைத்தார் என்று கம்பெனி கேள்வி எழுப்ப முடியாது. ஆனால் அண்ணாச்சியின் பாலிசிக்கு அப்போது ஆகியிருந்தது 40 மாதம்தான். இந்த ஒரு சிகிச்சைக்குப் பணம் மறுப்பதோடு நிற்காமல், பாலிசியையே ரத்து செய்ய நோட்டீஸ் வந்திருக்கக்கூடும். மறுநாள் காலையில் அவருடைய மகன் வீட்டிலிருந்து 2024 டிசம்பர் மாதத்து லேப் ரிப்போர்ட்டையும், முதலில் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரின் சீட்டையும் கொண்டுவந்து சேர்த்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, பத்து ஆண்டாகச் சர்க்கரை இருப்பவரும் பத்து மாதம் என்று எழுதச் சொல்லலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். எழுதச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குச் சம்மதமில்லை. நாள்பட்ட நோய்களுக்கென்று படிவத்தில் தனிக் கட்டமே இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா என்று வரிசையாகப் போட்டு எந்த மாதம், எந்த ஆண்டு முதல் என்று கேட்டிருக்கிறது. கேஸ் ஷீட்டில் ஒன்றும் விண்ணப்பத்தில் வேறொன்றும் இருந்தால், டிஸ்சார்ஜ் சமயத்தில் கேஸ் ஷீட் நகலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். அப்போது உண்மையான மற்ற விவரங்களையும் நம்ப மாட்டார்கள்.

இனி நோயின் பெயர். டாக்டர் குறிப்பில் நோயின் பெயரையே எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவருக்கு அது கண்ணால் தெரிகிறது. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. கேட்டபோது, "கல்லோடு கூடிய பித்தப்பைத் திடீர் அழற்சி" என்றார். சர்வதேச நோய்ப் பட்டியலில் இதற்கு K80.0 என்ற குறி. வெறும் பித்தப்பைக் கல், அழற்சி இல்லை என்றால் K80.2. மேஜையில் பெரும்பாலும் "பித்தப்பைக் கல்" என்று மட்டும் போட்டு இரண்டாவது குறியை இட்டுவிடுவார்கள். அழற்சியில்லாத கல்லுக்கு அவசரம் இல்லை. தொந்தரவு தராத கல்லை அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. ஆகவே இரண்டாவது குறி போனால், திங்கட்கிழமை இரவே சேர்க்க வேண்டிய அவசியம் என்ன என்று கேள்வி வருவது இயல்பு. குறியும், எழுத்தில் உள்ள பெயரும், அவசரச் சேர்க்கை என்று போட்ட டிக்கும் மூன்றும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும்.

நோய் எத்தனை நாளாக என்ற கட்டத்திலும் இதே எச்சரிக்கை தேவை. குறிப்பில் மூன்று மாதமும் இருக்கிறது, இரண்டு நாளும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் மற்றது பிறகு வேறெங்காவது தலைகாட்டும். இரண்டையும் எழுதிவிடுவதே நல்லது: மூன்று மாதமாக விட்டு விட்டு வலி, கடந்த இரண்டு நாளாகத் தீவிரம். முதலில் டாக்டரைப் பார்த்த தேதி என்ற கட்டத்தில், ஜூலையில் தெருக்கோடி டாக்டரிடம் வாயு என்று மாத்திரை வாங்கிய தேதியைத்தான் போட வேண்டும். பித்தப்பைக் கல் போன்ற சில நோய்களுக்குப் பாலிசி தொடங்கிய பிறகு குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. பல பாலிசிகளில் இது இரண்டு ஆண்டு. சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. அண்ணாச்சிக்கு மூன்று ஆண்டும் கடந்துவிட்டதால், மூன்று மாத வலி என்று எழுதுவதில் பயப்பட ஒன்றும் இல்லை.

சிகிச்சைக் கட்டத்தில் "அறுவை சிகிச்சை" என்று டிக் போட்டு விட்டுவிடக்கூடாது. டாக்டர் சொன்னது லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றுவது, தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்வது. இந்த "தேவைப்பட்டால்" என்ற சொல்லை மேஜையில் விட்டுவிடுவார்கள். டாக்டர் அதைச் சும்மா எழுதவில்லை. அழற்சி அதிகமாக இருந்தால் உள்ளே உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். துளை வழியாக முடியாமல் பாதியில் திறக்க வேண்டி வரலாம். அப்போது செலவும் நாளும் கூடும். முதலிலேயே எழுதியிருந்தால் கூடுதல் தொகை கேட்கும்போது புதிய கதையாகத் தெரியாது. அதோடு, அறுவைக்கு முன் ஊசி மூலம் ஆன்டிபயாடிக், இன்சுலின் கொடுப்பதையும் எழுத வேண்டும். மருந்து எந்த வழியாகக் கொடுக்கப்படுகிறது என்று படிவத்தில் கேட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. வாய் வழி மாத்திரை மட்டும் என்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்பார்கள்.

தங்கும் நாட்கள் விஷயத்தில் நம்மவர்கள் பொதுவாகச் செய்வது, "இரண்டு மூன்று நாள்" என்று தோராயமாகச் சொல்வது. கொள்முதல் ஆர்டரில் "பத்து இருபது மூட்டை அனுப்பவும்" என்று யாராவது எழுதுவோமா? அழற்சி இல்லாமல், நாள் குறித்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு ஒன்றிரண்டு நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கம்பெனி டாக்டர் மனதில் அந்தக் கணக்குதான் இருக்கும். இங்கே டாக்டர் நான்கு நாள் என்றார். அந்த நான்கு நாள் எப்படி வந்தது என்று பிரித்துக் கேட்டோம். திங்கள் இரவு சேர்க்கை. செவ்வாய் முழுவதும் ஊசி மருந்தும், 268 இருக்கும் சர்க்கரையை இன்சுலின் கொடுத்து இறக்குவதும். புதன் ஆபரேஷன். வியாழன் உணவு தொடங்கி, வடிகுழாய் வைத்திருந்தால் அதைப் பார்த்து எடுப்பது. வெள்ளி காலை டிஸ்சார்ஜ். தீவிர சிகிச்சைப் பிரிவு தேவையில்லை, ஆகவே அந்தக் கட்டத்தில் பூஜ்யம். காலியாக விடாமல் பூஜ்யம் போட வேண்டும்.

அடுத்து, பலரும் ஒரு வரியில் முடித்துவிடும் இடம், அதாவது காரணம் காட்டுவது. "நோயாளியின் நலன் கருதி அறுவை சிகிச்சை அவசியம்" என்று எழுதினால் அது காரணமே ஆகாது. எந்த நோயாளிக்கும் எந்த ஆபரேஷனுக்கும் அதையே எழுதலாம். காரணம் என்பது மூன்று கேள்விக்குப் பதில். வீட்டில் வைத்துப் பார்க்க ஏன் முடியாது? மாத்திரை மருந்தில் ஏன் தீராது? இப்போதே ஏன் செய்ய வேண்டும்? மூன்றுக்கும் பதில் டாக்டர் குறிப்பில் உள்ள எண்களிலேயே இருக்கிறது. காய்ச்சல் 101. வெள்ளணு 14,800, சாதாரணமாக இது 11,000-க்குள் இருக்க வேண்டும். பித்தப்பைச் சுவர் 5 மி.மீ., 3 மி.மீ.க்கு மேல் போனால் தடித்தது என்று கொள்கிறார்கள். சுற்றிலும் நீர். அமுக்கிப் பார்க்கும்போது வலியால் மூச்சை நிறுத்திக்கொள்வதற்குத்தான் மர்ஃபி பாசிட்டிவ் என்று பெயர். வாந்தி இருப்பதால் மாத்திரை நிற்காது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வீங்கிய பித்தப்பை அழுகவோ ஓட்டை விழவோ அபாயம் அதிகம்.

குறிப்பில் பிலிருபின் 0.8, பித்த நாளம் 5 மி.மீ. என்று இரண்டு எண்கள் சாதாரண அளவில் இருப்பதையும் விட்டுவிடக்கூடாது. நோயில்லை என்று காட்டும் எண்ணை எதற்கு எழுத வேண்டும் என்று அண்ணாச்சி மகன் கேட்டார். கல் நாளத்தில் இறங்கவில்லை, அதை எடுக்கத் தனியாக எண்டோஸ்கோப்பி தேவையில்லை, ஆபரேஷன் ஒன்றே போதும் என்பதை அந்த எண்கள்தான் சொல்கின்றன. திட்டமிட்ட சிகிச்சை போதுமானது, அதிகப்படியானதும் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசியில் அந்த இளம் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதி, அறுவை சிகிச்சை டாக்டர் படித்துக் கையெழுத்திட்ட விளக்கத்தின் பொருள் இது:

"52 வயது ஆண். மூன்று மாதமாக விட்டு விட்டு வலது மேல் வயிற்று வலி, கடந்த இரண்டு நாளாகத் தீவிரம், காய்ச்சல், வாந்தியுடன். மர்ஃபி பாசிட்டிவ், வெள்ளணு 14,800. ஸ்கேனில் பல கற்கள், சுவர் 5 மி.மீ., பித்தப்பையைச் சுற்றி நீர். பித்த நாளமும் பிலிருபினும் சாதாரணம். நோய்: கல்லோடு கூடிய பித்தப்பைத் திடீர் அழற்சி. சர்க்கரை நோய் 2024 டிசம்பர் முதல், மாத்திரையில், சேர்க்கையின்போது 268. வாய் வழி மருந்து தங்காததாலும், தொற்று இருப்பதாலும், சர்க்கரையால் அழுகல் அபாயம் கூடுவதாலும் உள்நோயாளியாக ஊசி மருந்தும் இன்சுலினும் தேவை. இந்தச் சேர்க்கையிலேயே லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பை அகற்றல், தேவைப்பட்டால் திறந்த முறையில். உத்தேசத் தங்கல் நான்கு நாள்: அறுவைக்கு முன் தயார்நிலைக்கு ஒரு நாள் உட்பட. தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை."

இதில் டாக்டர் குறிப்பில் இல்லாத ஒரு விவரம்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதுகிறவர் தம் சொந்தச் சரக்கைச் சேர்க்கக்கூடாது. குறிப்பில் இல்லாதது தேவையென்றால் டாக்டரிடம் கேட்டு, முதலில் கேஸ் ஷீட்டில் ஏற்றிவிட்டுத்தான் விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டும்.

செலவு மதிப்பீடு நமக்குப் பழகிய வேலை. அறை வாடகை நாளுக்கு 4,500 வீதம் நான்கு நாளுக்கு 18,000, பரிசோதனைகள் 9,000, ஆபரேஷன் தியேட்டர் 18,000, டாக்டர், மயக்க மருந்து டாக்டர் கட்டணம் 38,000, மருந்தும் உபயோகப் பொருள்களும் 24,000, இதர 3,500. ஆக 1,10,500 ரூபாய். மருத்துவமனைக்கும் கம்பெனிக்கும் இடையே இந்த ஆபரேஷனுக்கு மொத்தப் பேக்கேஜ் விலை பேசியிருந்தால் அதை மட்டும் போட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. அண்ணாச்சியின் பாலிசியில் அறை வாடகை ஐந்து லட்சத்தில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 வரைதான். காற்றோட்டமான பெரிய அறை இருக்கிறது, 7,500 ரூபாய் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வீட்டு அம்மாவுக்கு ஆசைதான். அதை எடுத்தால் வித்தியாசமான 2,500 மட்டும் கையிலிருந்து போகும் என்று நினைப்பது தவறு. அறைக்கு ஏற்ப ஏறும் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் அந்த வெட்டு கிடையாது. 4,500 ரூபாய் அறையையே எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை 10 மணி 20 நிமிடத்துக்கு ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த ரிப்போர்ட், பழைய சர்க்கரைக் காகிதங்கள் எல்லாம் இணைத்து மறுபடி அனுப்பினார்கள். முன் அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. 11 மணிக்கு முன்பே பதில் வந்தது: முதல் கட்டமாக 80,000 ரூபாய்க்கு அனுமதி. கேட்டது ஒரு லட்சத்துக்கு மேல், கொடுத்தது எண்பதாயிரம் என்று அண்ணாச்சி மகனுக்கு மறுபடி முகம் வாடிவிட்டது. முதல் அனுமதி பெரும்பாலும் இப்படித்தான் குறைத்து வரும். மீதி, டிஸ்சார்ஜ் பில்லோடு கேட்கும்போது பார்க்கப்படும். அனுமதி வந்ததால் முழுப் பணமும் உறுதி என்றும் கொள்ளக்கூடாது. நோய் வேறாக முடிந்தால் அனுமதியையே திரும்பப் பெறவும் கம்பெனிக்கு உரிமை உண்டு.

ஒருவேளை ரொக்கமில்லா வசதியை மறுத்தே விட்டால்கூட, அது கிளெய்மை மறுத்ததாக ஆகாது. பில்லைக் கட்டிவிட்டு, அசல் காகிதங்களோடு பிறகு பணம் கேட்கும் வழி இருக்கிறது. அதையும் மறுத்தால், முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கே ஒரு மாதத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் மனுச் செய்யலாம். அந்த மனுவுக்கும் ஆதாரம் இதே முன் அனுமதிக் காகிதமும் வந்த கேள்விகளும்தான். ஆகவே மேஜையில் அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் வாங்கி வைக்க வேண்டும்.

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் இவ்வளவு ஓட்டமும் வேண்டாம். ஹெர்னியா, கண்புரை, முழங்கால் மாற்று போன்றவற்றுக்கு முன்கூட்டியே தேதி குறித்து, கம்பெனிக்கு இரண்டு நாள் முன்பாகவே விண்ணப்பம் போய்ச் சேரும்படி செய்யலாம். தீபாவளிச் சரக்கு வரும் நேரம் பார்த்து நாள் குறிப்பவர்கள், விண்ணப்பத்துக்கும் அதே அளவு முன்யோசனை காட்டினால் கேள்விகள் வீட்டில் இருக்கும்போதே வந்து, வீட்டில் இருக்கும்போதே பதில் போய்விடும்.

புதன்கிழமை ஆபரேஷன் லேப்ராஸ்கோப்பியிலேயே முடிந்தது, திறக்க வேண்டி வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு டிஸ்சார்ஜ் சுருக்கமும் இறுதி பில்லும் கம்பெனிக்குப் போயின. இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரம் கெடு. அதைத் தாண்டினால் மருத்துவமனை போடும் கூடுதல் கட்டணத்தைக் கம்பெனியே ஏற்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு முன் வந்துவிட்டது. மொத்த பில் 1,13,240 ரூபாய். பாலிசியில் அடங்காத சில்லறைப் பொருள்களுக்காக 4,120 ரூபாயை அண்ணாச்சி மகன் கட்டினார். மீதி 1,09,120 ரூபாயைக் கம்பெனி மருத்துவமனைக்கே நேரே செலுத்தியது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் சர்க்கரை எப்போது முதல் என்ற இடத்தில் 2024 டிசம்பர் என்று சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.